மார்ச் 13 யார் கணக்கில்?

பெறுநர்: என் ஆயுள் காப்பீட்டு நிறுவனத்தின் வேலூர் கிளை மேலாளர் அவர்களும், சென்னையில் இருக்கும் குறைதீர்ப்பு அதிகாரி அவர்களும்

அனுப்புநர்: ஒரு பாலிசிதாரர், காகிதப்பட்டறை, வேலூர்

நாள்: 21.04.2025

பொருள்: சலுகைக் காலத்துக்குள் கட்டிய பிரீமியத்தைத் தாமதம் என்று எடுத்துக்கொண்டு லேப்ஸ் ஆக்கிய பாலிசியை, லேப்ஸே ஆகாததுபோல் நடப்பில் வைக்கக் கேட்டல்

ஐயா, அம்மா, வணக்கம்.

என் பாலிசி லேப்ஸ், அதாவது காலாவதி, ஆகிவிட்டது என்று சொல்லும் மார்ச் 24 தேதியிட்ட உங்கள் கடிதம் ஏப்ரல் 2-ஆம் தேதி கைக்கு வந்தது. 4-ஆம் தேதி கிளைக்கு நேரில் வந்து எழுத்தில் பதில் கொடுத்தேன். அன்றைக்கே குறைதீர்ப்புப் பிரிவுக்கும் அனுப்பினேன். "உங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு எஸ்எம்எஸ் வந்ததோடு சரி. புகாருக்கு 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் உங்களுக்கு வைத்திருக்கும் கெடு. அந்த 14 நாளும் போய்விட்டதால் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். பாலிசி எண்ணையும் உங்கள் நிறுவனத்தின் பெயரையும் வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறேன். உங்களிடம் இருக்கும் கோப்பில் இரண்டும் இருக்கின்றன.

ஆற்காடு சாலையில், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் டிஸ்சார்ஜ் சம்மரி, பில், பாலிசிப் பத்திரம் எல்லாவற்றையும் நகல் எடுக்க என்னிடம்தான் வருவார்கள். ஒரு நாளைக்கு நாலைந்து பாலிசியாவது என் மிஷினுக்குள் போய் வரும். அடுத்தவர் பத்திரத்தை எல்லாம் கண்ணாடி மேல் கவிழ்த்துப் போடுகிற நான், என் பத்திரத்தைப் பதினொரு வருஷமாகப் பிரித்தே பார்க்கவில்லை. மார்ச் 13 ராத்திரிதான் பார்த்தேன்.

பாலிசி விவரம் உங்களுக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். 2014 பிப்ரவரி 11-இல் தொடங்கிய எண்டோமென்ட் பாலிசி. ஆறு லட்சம், இருபது வருஷம். அரையாண்டுத் தவணை, வரியோடு சேர்த்து ரூ.15,628. பிப்ரவரி 11-ம் ஆகஸ்ட் 11-ம் தவணை நாள். மொத்தம் நாற்பது தவணையில் 22 கட்டியாகிவிட்டது. சேர்ந்திருக்கும் பணம் மூன்று லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல். தகராறு 23-ஆவது தவணையில்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன். தவணையை என் வங்கிக் கணக்கிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ள ஆட்டோ டெபிட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இந்த வருஷம் பிப்ரவரி 11 தைப்பூசம். கடையை அடைத்துவிட்டுக் குடும்பத்தோடு ரத்தினகிரிக்குப் போயிருந்தோம். முந்தின நாள்தான் டோனருக்கும் பேப்பருக்கும் பணம் கொடுத்திருந்தேன். கணக்கில் இருந்தது பதினைந்தாயிரத்துச் சொச்சம். அறுநூறு ரூபாய் குறைந்ததால் டெபிட் திரும்பிவிட்டது. திரும்பியதைச் சொல்லி நீங்கள் அனுப்பிய எஸ்எம்எஸ் நான் எப்போதோ விட்டுவிட்ட பழைய எண்ணுக்குப் போயிருக்கிறது. எண்ணை மாற்றிக் கொடுக்காததும் என் தப்புதான். இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

மார்ச் 13 வியாழக்கிழமை மதியம் வங்கிக்குப் போனவன் பாஸ்புக்கில் வரவு போட்டுக்கொண்டு வந்து மேஜை டிராயரில் வைத்தேன். சாயங்காலம் கூட்டம் குறைந்த பிறகு எடுத்துப் பார்த்தால், பிப்ரவரி 11-க்கு நேராக ரூ.295 பிடித்தம். டெபிட் திரும்பினால் வங்கி போடுகிற அபராதம். எந்த டெபிட் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. வீட்டுக்கு ஓடிப்போய் பாலிசிப் பத்திரத்தை எடுத்து வந்தேன். சலுகைக் காலம் பற்றிய ஷரத்து எறும்பு எழுத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை 141 சதவீதத்துக்குப் பெரிதாக்கி ஏ3 தாளில் நகல் எடுத்து மேஜை மேல் விரித்துப் படித்தேன். அந்தத் தாள் இப்போதும் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிறது. கிளையிலிருந்து யாராவது வந்தால் பார்க்கலாம்.

அதில் இருப்பது இதுதான். ஆண்டு, அரையாண்டு, காலாண்டுத் தவணைகளுக்குச் சலுகைக் காலம் ஒரு மாதம்; ஆனால் அது முப்பது நாளுக்குக் குறையக் கூடாது. மாதத் தவணை என்றால் பதினைந்து நாள்தான். இந்தக் காலத்துக்குள் பாலிசிதாரர் இறந்தால் பாலிசி நடப்பில் இருப்பதாகவே கொண்டு, கட்டாத தவணையை மட்டும் கழித்துக்கொண்டு முழுத் தொகை தரப்படும்.

இரவு 8.52-க்கு உங்கள் இணையதளத்தில் பாலிசி எண்ணைப் போட்டு, யுபிஐ வழியாக ரூ.15,628 கட்டினேன். 8.53-க்கு வங்கியிலிருந்து பணம் போன செய்தி வந்தது. அதே நிமிஷம் உங்களிடமிருந்து "பணம் பெறப்பட்டது, ரசீது தனியாக அனுப்பப்படும்" என்று மின்னஞ்சலும் வந்தது. நிம்மதியாகக் கடையைச் சாத்தினேன்.

ரசீது மார்ச் 14 தேதி போட்டு வந்தது. தலைப்பில் "டெபாசிட் ரசீது" என்று இருந்ததை நான் அன்றைக்குக் கவனிக்கவில்லை. வழக்கமாக வருவது பிரீமியம் ரசீது. டெபாசிட் ரசீது என்றால் பணத்தை வாங்கிக்கொண்டீர்கள், ஆனால் தவணைக்கு ஈடு கட்டவில்லை, தனியாக ஓரமாக வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இணையதளத்தில் என் பாலிசியைத் திறந்தால் "கட்டப்படாத முதல் தவணை" என்ற இடத்தில் இன்னும் 11.02.2025 என்றே நிற்கிறது. பணம் கட்டிய பிறகும் அந்தத் தேதி நகராமல் நின்றால் ஏதோ சிக்கல் என்று புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு இது தெரிந்தது கடிதம் வந்த பிறகுதான்.

கடிதத்தில் சலுகைக் காலம் மார்ச் 12-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்கிறீர்கள். கவுன்டரில் இருந்த மேடத்திடம் கேட்டால், "சார், 13 வரைக்கும் டைம் இருந்ததுன்னே வச்சிக்கிட்டாலும், எங்க சிஸ்டத்தில பணம் வந்தது 14" என்கிறார். ஆக முடிச்சு இரண்டு. கடைசி நாள் 12-ஆ 13-ஆ என்பது ஒன்று, நான் கட்டிய நாள் 13-ஆ 14-ஆ என்பது இன்னொன்று. இரண்டில் ஒன்று எனக்கு எதிராகப் போனாலும் நான் தோற்றேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் முடிச்சு. பிப்ரவரி 11-லிருந்து ஒரு மாதம் என்றால் மார்ச் 11. இந்த வருஷம் பிப்ரவரிக்கு 28 நாள் என்பதால் அந்த ஒரு மாதத்தில் வெறும் 28 நாள்தான் வருகிறது. இதற்காகத்தான் "முப்பது நாளுக்குக் குறையாமல்" என்ற வார்த்தையை ஷரத்தில் போட்டிருக்கிறார்கள். ஆகஸ்ட் தவணைக்கு அந்த வார்த்தை தேவையே இல்லை, ஆகஸ்ட் 11-லிருந்து செப்டம்பர் 11 வரை 31 நாள் இருக்கிறது. முக்கியமாகப் பிப்ரவரித் தவணைக்காரர்களுக்குப் பிழைப்புக் கொடுக்கிற வார்த்தை அது. அதனால் மார்ச் 11-ஐ விட்டுவிட்டு முப்பது நாளை எண்ண வேண்டும். இதுவரைக்கும் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை, ஏனென்றால் நீங்களும் 11 என்று சொல்லவில்லை, 12 என்றுதான் சொல்கிறீர்கள்.

12 எப்படி வந்தது? பிப்ரவரி 11-ஐயே முதல் நாளாக எண்ணினால் வரும். கிளையில் கேட்டபோது அப்படித்தான் சிஸ்டம் எடுத்துக்கொள்கிறது என்றார்கள். இது எனக்கு நியாயமாகப் படவில்லை. பிப்ரவரி 11 தவணை நாள். அன்று ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் நான் தாமதக்காரனே இல்லை. தாமதமே தொடங்காத நாளில் சலுகை எப்படித் தொடங்கும்? தவணை நாள் தவணைக்கு, மறுநாளிலிருந்து சலுகைக்கு. "இந்த நாளிலிருந்து" என்று ஒரு கெடு சொன்னால் அந்த முதல் நாளைச் சேர்க்காமல் எண்ணுவதுதான் நம் நாட்டில் சட்டத்துக்குள் இருக்கும் வழக்கம். 1897-ஆம் ஆண்டின் பொது ஷரத்துகள் சட்டம் 9-ஆம் பிரிவு அதைத்தான் சொல்கிறது. அது சட்டங்களைப் படிப்பதற்கான விதி, தனியார் ஒப்பந்தத்துக்கு நேரடியாகப் பொருந்தாது என்று உங்கள் வக்கீல் சொல்லலாம். சரி, அப்படியே இருக்கட்டும். ஒப்பந்தத்தில் முதல் நாளைச் சேர்த்து எண்ண வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? என் ஏ3 தாளில் இல்லை. பத்திரத்தை எழுதியது நீங்கள், நான் கையெழுத்துதான் போட்டேன். எழுதியவர் தெளிவாக எழுதாமல் விட்டதை எழுதியவருக்குச் சாதகமாகப் படிப்பது முறையில்லை.

எண்ணிக்கையில் எனக்குச் சந்தேகம் வராததற்கு ஒரு காரணம் உண்டு. கடையில் தினசரி காலண்டர் மாட்டியிருக்கிறேன். கிழிக்கிற தாளைக் குப்பையில் போட மாட்டேன். பின்பக்கத்தில்தான் அன்றன்றைக்கு எத்தனை நகல் என்று கோடு போட்டுக் கணக்கு வைப்பேன், மாசக் கடைசியில் கிளிப் போட்டு வைத்துவிடுவேன். அன்று ராத்திரி அந்தக் கட்டை எடுத்துப் பிப்ரவரி 12-லிருந்து ஒவ்வொரு தாளாக மேஜையில் அடுக்கினேன். பிப்ரவரியில் பதினேழு தாள். மார்ச்சில் பதின்மூன்று, கடைசித் தாள் இன்னும் காலண்டரிலேயே இருந்தது. கூட்டினால் முப்பது. முப்பதாவது தாள் மார்ச் 13. அதைக் கிழிப்பதற்கு முன்னால்தான் பணம் கட்டினேன்.

இரண்டாவது முடிச்சு. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் உண்டியலில் ஒருவர் வெள்ளிக்கிழமை பணம் போடுகிறார். உண்டியலைத் திறந்து எண்ணுவது அடுத்த மாதம். அவர் காணிக்கை செலுத்திய நாள் எது? உங்கள் இணையதளத்தில் பணம் வாங்க ஒரு பேமென்ட் கேட்வே நிறுவனத்தை வைத்திருக்கிறீர்கள். பகலில் கட்டினாலும் இரவில் கட்டினாலும் அவர்கள் வாங்கி வைத்து, மறுநாள் மொத்தமாக உங்கள் கணக்கில் சேர்க்கிறார்கள். அந்த ஏற்பாட்டை நான் செய்யவில்லை. உண்டியலை வைத்தது நீங்கள், நான் அதில்தான் போட்டேன். என் வங்கி அறிக்கையில் 13.03.2025, இரவு 8.52 என்று பன்னிரண்டு இலக்க எண்ணோடு பதிவாகியிருக்கிறது. 8.53-க்கு "பெறப்பட்டது" என்று எழுதியது நீங்களே. பெறப்பட்டது என்று 13-ஆம் தேதி சொல்லிவிட்டு, ரசீதில் 14 போடுவது உங்கள் கணக்குப் பிரிவின் வசதி. அந்த வசதிக்கு என் பாலிசி பலியாகக் கூடாது.

இன்ஷூரன்ஸ் சட்டத்திலேயே இதற்கு ஒரு பழைய வழிகாட்டுதல் இருக்கிறது. 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64விபி பிரிவு, பணம் வராமல் ரிஸ்க் எடுக்கக் கூடாது என்று கம்பெனிகளைக் கட்டிப்போடுகிற பிரிவு. அதே பிரிவின் விளக்கத்தில், தபால் மணி ஆர்டரில் பிரீமியம் அனுப்பினால் மணி ஆர்டர் புக் செய்த நாளிலிருந்தும், தபாலில் காசோலை அனுப்பினால் அதைத் தபாலில் சேர்த்த நாளிலிருந்தும் ரிஸ்க்கை எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. காசோலை உங்கள் மேஜைக்கு வந்து சேர நாலு நாள் ஆனாலும், கிளியரிங் ஆக இரண்டு நாள் ஆனாலும், கணக்கு அனுப்பிய நாளிலிருந்து. அதில் யுபிஐ என்ற வார்த்தை இல்லை, இருக்கவும் முடியாது. புதிதாக ரிஸ்க் எடுப்பதைப் பற்றிப் பேசுகிற பிரிவு அது என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் தபால்காரர் சைக்கிளில் கொண்டுவருகிற காசோலைக்குக் கொடுத்த மரியாதையை, ஒரு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்த பணத்துக்குக் கொடுக்க மாட்டேன் என்பது எந்த ஊர் நியாயம்?

இனி, "இதுக்கு ஏன் சார் இவ்வளவு? ரிவைவல் ஃபார்ம் நிரப்பிக் கொடுங்க, வட்டி இருநூத்துச் சொச்சம்தான்" என்று மேடம் சொன்னாரே, அதற்கு வருகிறேன். அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். வட்டி எனக்குப் பிரச்சினை இல்லை. ஃபார்ம்தான் பிரச்சினை.

ரிவைவல் ஃபார்மோடு உடல்நல உறுதிமொழி ஒன்று கேட்கிறீர்கள். பாலிசி எடுத்த பிறகு சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு ஏதாவது வந்ததா, மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேள்விகள். எனக்கு 2021-இல் சர்க்கரை நோய் கண்டுபிடித்தார்கள். காலையிலும் ராத்திரியிலும் மாத்திரை. ஃபார்மில் "ஆம்" என்று எழுதினால் உங்கள் டாக்டரிடம் போக வேண்டும், ரத்தப் பரிசோதனை, ஈசிஜி எல்லாம் எடுக்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் பிரீமியத்தை ஏற்றலாம், ரிவைவலே கிடையாது என்றும் சொல்லலாம். லேப்ஸ் ஆன பாலிசியைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிற உரிமை உங்களுக்கு உண்டு. அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் 2014-இல், முப்பத்தாறு வயதில், எந்த வியாதியும் இல்லாதபோது நான் உங்களிடம் வாங்கியது என்ன? பின்னால் எனக்கு எது வந்தாலும் இதே தவணைதான், இதே ஆறு லட்சம்தான் என்கிற வாக்கு. இளவயதில் சாவுக்கான வாய்ப்பு குறைவு, ஆனாலும் அப்போதும் இதே தொகைதான் கட்டினேன். பின்னால் வாய்ப்பு கூடும்போதும் தவணை கூடாது என்பதற்காக. இப்போது நாற்பத்தேழு வயதில் சர்க்கரையோடு உங்கள் வாசலில் புது ஆளாக வந்து நில் என்பது, அந்தப் பதினொரு வருஷத்தையும் அழித்துவிட்டு முதலிலிருந்து பேசு என்பதற்குச் சமம்.

இந்த இடத்தில் ஒரு சம்பவத்தைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு இதே ஆலோசனை கிடைத்திருக்கும். கடைக்கு அடிக்கடி வருகிற ஏஜென்ட் ஒருவர், உங்கள் கம்பெனிக்காரர் இல்லை, வேறு கம்பெனி, ஃபார்மை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணா, எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு டிக் பண்ணிக் குடுத்துடுங்க. யாருண்ணா வந்து பாக்கப் போறாங்க?" என்றார். பார்க்க மாட்டார்கள்தான், இப்போது. நான் செத்த பிறகு பார்ப்பார்கள். இன்ஷூரன்ஸ் சட்டம் 45-ஆம் பிரிவின்படி மூன்று வருஷம் தாண்டிய பாலிசியை எந்தக் காரணம் சொல்லியும் கம்பெனி கேள்வி கேட்க முடியாது. அந்த மூன்று வருஷம் பத்திரம் கொடுத்த நாள், ரிஸ்க் தொடங்கிய நாள், ரிவைவல் செய்த நாள், ரைடர் என்கிற கூடுதல் காப்பு சேர்த்த நாள் என்று இவற்றில் எது கடைசியோ அதிலிருந்து ஓடும். என் பாலிசி 2017-லேயே அந்தக் கோட்டைத் தாண்டிப் பத்திரமாக உட்கார்ந்துவிட்டது. இன்றைக்கு ரிவைவல் செய்தால் கடிகாரம் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கும், 2028 வரைக்கும். அதற்குள் எனக்கு ஏதாவது ஆகிவிட்டால், என் மனைவி கொண்டுவந்து கொடுக்கிற ஆஸ்பத்திரிக் காகிதத்தில் "2021 முதல் சர்க்கரை நோய்" என்று இருக்கும், ஃபார்மில் "இல்லை" என்று என் கையெழுத்து இருக்கும். அந்த இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன நடக்கும் என்று இந்தக் கடையில் நின்று பலமுறை பார்த்திருக்கிறேன். நகல் எடுத்துக் கொடுத்ததும் நான்தான்.

அதனால் பொய் எழுத மாட்டேன். ஃபார்மை நிரப்பவும் மாட்டேன். நிரப்பிக் கொடுத்தால் பாலிசி லேப்ஸ் ஆனதை நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். நான் கேட்பது ரிவைவல் இல்லை. மார்ச் 13-ஆம் தேதி பணத்தை அந்தத் தேதிக்கே வரவு வைத்து, லேப்ஸ் என்ற பதிவை அடித்துவிடுங்கள் என்கிறேன். கேட்கிற காதுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றலாம். ஒன்றில் மூன்று வருஷக் கடிகாரம் திரும்ப ஓடும், இன்னொன்றில் ஓடாது.

பணத்தில் இதன் அளவு என்ன என்றும் பார்த்துவிடலாம். உங்கள் கடிதத்தின் முதல் பத்தி "லேப்ஸ்" என்கிறது, மூன்றாவது பத்தி "பெய்டப்" என்கிறது. இத்தனை வருஷம் கட்டிய பாலிசி ஒன்றுமில்லாமல் போகாது, சுருங்கும். நாற்பது தவணைக்கு ஆறு லட்சம் என்றால் 22 தவணைக்கு மூன்று லட்சத்து முப்பதாயிரம். இதுவரை சேர்ந்த போனஸ் இருக்கும், இனிமேல் சேராது. மார்ச் 12-ஆம் தேதி நான் செத்திருந்தால், உங்கள் கணக்கின்படியே பாலிசி நடப்பில் இருந்திருக்கும், ரூ.15,628 கழித்துக்கொண்டு ஆறு லட்சமும் போனஸும் என் வீட்டுக்கு வந்திருக்கும். பணத்தைக் கட்டிவிட்டு 13-ஆம் தேதி ராத்திரி செத்திருந்தால் மூன்று லட்சத்து முப்பதாயிரமும் போனஸும். கட்டாதவனுக்கு ஆறு, கட்டியவனுக்கு மூன்று. இதை யாரிடம் சொன்னாலும் சிரிக்கிறார்கள். என் மனைவி மட்டும் சிரிக்கவில்லை, நாமினி அவள்தான்.

ஒரு வார்த்தை, அந்த "கருணை" பற்றி. நீங்கள் தமிழில் அனுப்பிய நோட்டீஸில் கிரேஸ் பீரியட் என்பதைக் "கருணைக் காலம்" என்று போட்டிருக்கிறீர்கள். கவுன்டரிலும் "கம்பெனி கொடுக்கிற சலுகை சார் அது" என்றார்கள். இல்லை. ஒழுங்குமுறை ஆணையத்தின் விதியில் இருக்கிற நாட்கள் அவை, பத்திரத்தில் ஷரத்தாக எழுதி என்னிடம் விற்ற நாட்கள். முப்பதாவது நாள் ராத்திரி 8.52-க்குக் கட்டியவனுக்கும் முதல் நாளே கட்டியவனுக்கும் பத்திரத்தின் முன் ஒரே மதிப்புதான். கடைசி நாள் வரை இழுத்தான் என்று என்னைத் திட்டலாம், வீட்டிலும் திட்டினார்கள். அதற்காக நாளைக் குறைக்க முடியாது.

இவ்வளவு சொன்ன பிறகும் நான் எண்ணியது தப்பு, அல்லது பணம் சேர்ந்த நாள் 14-தான் என்று உங்களால் ஷரத்தைக் காட்டி நிரூபிக்க முடிந்தால், என் நிலைமை மாறும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அப்போது எனக்கு உரிமை என்று பேச எதுவும் மிஞ்சாது, ரிவைவலுக்கு மனுதான் போட முடியும். கட்டாத முதல் தவணையிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் அது முடியும். அப்படிப் போடும்போது, ஒரே ஒரு நாள் தாமதத்துக்காக மருத்துவப் பரிசோதனை கேட்காமல் எடுத்துக்கொள்ளும்படி கேட்பேன். அதை நீங்கள் செய்தால் நிஜமாகவே கருணை. நன்றியும் சொல்வேன். ஆனால் அந்தக் கட்டத்துக்கு நாம் இன்னும் வரவில்லை.

நான் கேட்பது மூன்றே காரியம். ரசீதைப் பிரீமியம் ரசீதாக மாற்றி 13.03.2025 தேதி போட்டுத் தர வேண்டும். பாலிசி இடைவெளி இல்லாமல் நடப்பில் இருப்பதாக எழுத்தில் தர வேண்டும், "இடைவெளி இல்லாமல்" என்ற வார்த்தையோடு. முடியாது என்றால், எந்த ஷரத்து, முதல் நாள் எது, கடைசி நாள் எது என்று எண்ணிக் காட்டி மறுப்பை எழுத்தில் தர வேண்டும். ஃபோனில் சொல்வது எனக்கு உதவாது.

மறுத்தாலும் சரி, மே 4 வரை பதிலே வராவிட்டாலும் சரி, நான் சென்னையிலிருக்கும் இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போவேன். கம்பெனிக்கு எழுதி ஒரு மாதம் காத்திருந்த பிறகு அங்கே போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை. ஐம்பது லட்சம் வரையிலான தகராறை அவர் பார்க்கிறார், என்னுடையது ஆறு லட்சம். வங்கி அறிக்கை, உங்கள் 8.53 மின்னஞ்சல், டெபாசிட் ரசீது, பத்திரத்தின் நகல் எல்லாம் மூன்று செட் எடுத்து வைத்திருக்கிறேன். எனக்கு அதில் செலவும் இல்லை.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். தவணை நோட்டீஸில் "தவணை நாள்" என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் "சலுகைக் காலம் முடியும் நாள்" என்று இன்னொரு கட்டம் போட்டு, தேதியை அச்சடித்துவிடுங்கள். பிப்ரவரித் தவணைக்காரர்களுக்கு அந்த ஒரு தேதி போதும். சிஸ்டம்தான் எண்ணுகிறது என்றால், எண்ணி முடித்ததை எங்களுக்கும் காட்டுவதில் என்ன கஷ்டம்?

அடுத்த தவணை ஆகஸ்ட் 11. அதற்கு ஆட்டோ டெபிட்டை நம்பவில்லை. அதற்கு முன்பே கிளைக்கு வந்து, கவுன்டரில் காசோலை கொடுத்து, தேதி போட்ட ரசீது வாங்கிக்கொள்வதாக இருக்கிறேன். அன்றைக்கு நீட்டும் ரசீது எந்தப் பெயரில் இருக்க வேண்டும் என்பதை இப்போதே முடிவு செய்து வைத்துவிடுங்கள். புது ஃபோன் எண்ணை ஏப்ரல் 4-ஆம் தேதியே எழுதிக் கொடுத்துவிட்டேன், பதிவு ஆகியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பாலிசிதாரர்
காகிதப்பட்டறை, வேலூர்